பருத்திப் புடவை லைவ் விற்பனை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் இருந்தபடி கண்டாங்கியையும் மதுரைச் சுங்குடியையும் லைவில் விற்று வருகிறேன். புதிதாகத் தொடங்கும் பெண்கள் தொலைபேசியில் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் இந்தக் கேள்விகள்தாம். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதி, என் அனுபவத்தில் சரியென்று கண்ட பதில்களைக் கீழே தந்திருக்கிறேன்.

அக்கா, முதல் லைவுக்கு எத்தனை புடவை வேணும்? நூறாவது இருக்கணுமா?

30 புடவை போதும். ஒரு புடவையை ஒழுங்காகக் காட்ட 2 நிமிடம் ஆகும். அதைப் பற்றி வரும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல இன்னொரு நிமிடம் ஆகும். அந்தக் கணக்கில் 30 புடவைக்கு ஒன்றரை மணி நேரம். அதற்கு மேல் போனால் பேசுபவரின் குரலும் தளர்ந்துவிடும், பார்ப்பவர்களும் கலைந்துவிடுவார்கள்.

எண்ணிக்கையைவிட வகையைக் குறைப்பதுதான் முக்கியம். ஆறேழு ஊர்ப் புடவைகளைக் கலந்து வைத்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதில் தெரிந்திருக்க வேண்டும். கண்டாங்கி 18, சுங்குடி 12 என்று இரண்டே வகையை எடுத்துக்கொண்டால், நூல், நீளம், சாயம் பற்றிய ஒரே பதில் பல புடவைகளுக்குப் பொருந்தும், சொல்வதிலும் தடுமாற்றம் இருக்காது.

எந்த ஆப்ல லைவ் போடறது நல்லது?

உங்களுக்கு ஏற்கெனவே ஆட்கள் எங்கே இருக்கிறார்களோ அங்கேயே தொடங்குங்கள். ஆனால் அந்த ஆப் உங்களை அனுமதிக்கிறதா என்று இரண்டு நாள் முன்னதாகவே பாருங்கள். யூடியூபில் கைபேசி வழியே நேரலை செய்யக் குறைந்தது 50 சந்தாதாரர்கள் வேண்டும். முதல்முறை அந்த வசதி திறக்க 24 மணி நேரம் வரை ஆகலாம். இன்ஸ்டாகிராமில் 1,000 பேர் பின்தொடரும் பொதுக் கணக்கு இருக்க வேண்டும் என்று 2025இல் விதி கொண்டுவந்தார்கள். லைவ் நேரத்தை எல்லோருக்கும் அறிவித்துவிட்டுக் கடைசி நிமிடத்தில் இதைத் தெரிந்துகொண்டு தவித்தவர்களை எனக்குத் தெரியும்.

ஃபேஸ்புக்கில் லைவுக்குள்ளேயே பொருளைப் பட்டியலிட்டு விற்கும் வசதி 2022 அக்டோபரோடு நின்றுவிட்டது. அதனால் நம்மைப் போன்றவர்கள், வேண்டிய புடவையின் எண்ணைக் கமென்ட்டில் எழுதச் சொல்லிப் பதிவு வாங்கி, வாட்ஸாப்பில் முகவரியும் பணமும் பெறுகிறோம். பதிவு நடப்பது ஓரிடம், பணம் வருவது வேறிடம் என்பதால்தான் பின்னால் வரும் குழப்பங்களில் பாதி உண்டாகின்றன.

லைவுக்கு முன்னாடி நாள் என்னென்ன செய்யணும்?

ஒவ்வொரு புடவையையும் முழுதாகப் பிரித்துப் பாருங்கள். மடிப்பைத் திறக்காமல் மேலோடு பார்த்துவிட்டு லைவில் விரித்தால், அறுந்த நூலும் கறையும் உங்கள் கண்ணுக்கும் பார்ப்பவர் கண்ணுக்கும் ஒரே நேரத்தில் படும். பிறகு டேப்பால் அளந்து கொள்ளுங்கள். பிளவுஸ் சேர்த்து 6.2 மீட்டர், சேர்க்காமல் 5.5 மீட்டர் என்பது பொதுவான அளவு; கண்டாங்கியில் பிளவுஸ் துணி இல்லாதவை நிறைய உண்டு என்பதால் ஒன்றுவிடாமல் அளக்க வேண்டும். அடுத்தது, வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துப் புடவையின் உள்முனையில் பத்து முறை அழுத்தித் தேய்த்து, எவ்வளவு சாயம் ஒட்டுகிறது என்று பார்ப்பது.

இவ்வளவையும் ஒரே தாளில் எழுதுங்கள். எண், வகை, நிறத்தின் பெயர், நீளம், பிளவுஸ் உண்டா, சாயம் ஒட்டியதா, குறை ஏதும் இருந்தால் எந்த இடத்தில், விலை என்று ஒரு புடவைக்கு ஒரு வரி. அதே எண்ணைப் பெரிய அட்டையில் தடித்த எழுத்தில் எழுதிப் புடவையோடு பின் செய்துவிடுங்கள். தாளின் ஒரு பிரதி உங்களிடமும் இன்னொன்று உதவியாளரிடமும் இருக்க வேண்டும். லைவில் பதில் சொல்வது என்பது பெரும்பாலும் இந்தத் தாளைப் படிப்பதுதான். தாள் இல்லாதவர்தான் "நல்ல குவாலிட்டிங்க" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பார்.

லைட் நல்லாதான் இருக்கு. ஆனா அரக்கு சிவப்பாவும் மாம்பழ மஞ்சள் வெளிறியும் தெரியுது. ஏன்?

வெளிச்சத்தின் அளவு போதுமானதாக இருந்தாலும், கேமரா நிறத்தைத் தானாகத் திருத்திக்கொண்டே இருக்கிறது. திரை முழுவதையும் ஒரே அரக்குப் புடவை நிறைத்தால், காட்சி அளவுக்கு மீறிச் சிவந்திருக்கிறது என்றும் இருட்டாக இருக்கிறது என்றும் கேமரா கணக்கிட்டு, நிறத்தை மாற்றி வெளிச்சத்தைக் கூட்டுகிறது. ஆழமான அரக்கு வெளுத்த சிவப்பாவது அதனால்தான். மஞ்சள் வெளிறுவதும் கேமரா இப்படித் தானாக நிறத்தை மாற்றுவதால்தான். இதற்கு மேல் அறையில் ஒரு பக்கம் மஞ்சள் பல்பும் மறுபக்கம் வெள்ளை எல்.இ.டி.யும் எரிந்தால், புடவையைத் திருப்பும்போதெல்லாம் நிறம் மாறும்.

முதலில் அறையிலுள்ள எல்லா விளக்குகளையும் ஒரே வெள்ளை நிறமுள்ளவையாக மாற்றுங்கள். பின்னணியில் வெளிர் நிறச் சுவரோ வெள்ளை வேட்டியோ திரையில் மூன்றில் ஒரு பங்காவது எப்போதும் தெரியும்படி வையுங்கள். கேமராவுக்கு அதுதான் அளவுகோல். புடவையை நெருக்கமாகக் காட்டும்போது பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். தாள் வெள்ளையாகத் தெரிந்தால் புடவையின் நிறமும் ஏறக்குறைய சரியாக இருக்கும். தாள் மஞ்சளித்தோ நீலம் பூத்தோ தெரிந்தால் நிறம் தவறு என்று உங்களுக்கும் பார்ப்பவருக்கும் உடனே புரியும்.

இவ்வளவுக்குப் பிறகும் பார்ப்பவரின் கைபேசித் திரை தன் பங்குக்கு நிறத்தை மாற்றத்தான் செய்யும். அதனால் நிறத்தை வாயாலும் சொல்ல வேண்டும். "பிங்க்" என்று சொன்னால் பத்து நிறம் மனதில் தோன்றும். "வெங்காயத்தோல் நிறம்", "வாடாமல்லி", "கத்தரிப்பூ", "பாக்கு நிறம்" என்று சொன்னால் நம் ஊர்ப் பெண்கள் சரியாகப் பிடித்துக்கொள்வார்கள். நெடுக்கே போகும் பாவு ஒரு நிறம், குறுக்கே போகும் ஊடை ஒரு நிறம் என்று நெய்த மயில்கழுத்து மாதிரியான புடவையானால் அசைத்துக் காட்டி, இரண்டு நிறங்களின் பெயரையும் சொல்லிவிடுங்கள். பார்சல் பிரித்ததும் "நான் பார்த்த நிறம் இல்லை" என்று வரும் புகார் இந்தப் புடவைகளில்தான் மிகுதி.

நானே பேசி, நானே காட்டி, நானே கமென்ட் படிக்க முடியுமா?

முடியும், ஆனால் பதிவுகளைத் தவறவிடுவீர்கள். ஒளிபரப்பும் கைபேசியில் பின்பக்கக் கேமராவைப் பயன்படுத்தினால் படம் தெளிவாக இருக்கும், ஆனால் அதில் கமென்ட்டைப் படிக்க முடியாது. ஆகவே இரண்டாவது கைபேசியில் அதே லைவைத் திறந்து, ஒலியை முழுதாக அணைத்து, உதவிக்கு ஒருவரிடம் கொடுங்கள். வீட்டில் யாராக இருந்தாலும் பரவாயில்லை. கேள்வியை உரக்கப் படிப்பதும் பதிவைத் தாளில் குறிப்பதும் மட்டுமே அவர் வேலை.

நீங்கள் பேசுவது பார்ப்பவருக்குச் சில நொடி தாமதித்துத்தான் போகும். யூடியூபில் பத்து நொடிக்கு மேலும் ஆகலாம். 12ஆம் எண் புடவையை எடுத்துவைத்த பிறகு 11க்கு வரும் கேள்விகளைத் தாமதமாக வந்தவை என்று ஒதுக்கிவிடக் கூடாது. ஒவ்வொரு புடவையை மடிக்கும் முன்பும் எண்ணை ஒருமுறை சொல்லி, பத்து எண்ணும் நேரம் காத்திருங்கள்.

ஒரு புடவையை எந்த வரிசைல காட்டணும்?

எண்ணும் விலையும் முதலில். அதன்பின் முந்தானை, உடல், கரை, பிளவுஸ் என்று காட்டி, துணியின் பின்புறத்தையும் திருப்பிக் காட்டுங்கள். ஒரு ஓரத்தை விரல்மேல் போட்டால் துணியின் கனம் தெரியும். கடைசியில் தோளில் போட்டுக் காட்டினால் கட்டத்தின் அளவும் கரையின் அகலமும் உடம்பில் எப்படி அமையும் என்பது புரியும். குறை இருந்தால் அந்த இடத்தையும் விரல் வைத்துக் காட்டிவிடுங்கள்.

விலையைச் சொல்லாமல் "இன்பாக்ஸ் வாங்க" என்பதை நான் ஏற்பதில்லை. கேட்கத் தயங்குபவர்கள் பேசாமல் போய்விடுவார்கள். ஆளுக்கொரு விலையோ என்ற சந்தேகமும் மற்றவர்களுக்கு வந்துவிடும்.

மூணு பேர் ஒரே நேரத்துல "17"னு கமென்ட் போட்டா யாருக்குக் கொடுக்கறது?

இதற்கான விதியை லைவ் தொடங்கும்போதே சொல்லி, மேலே பின் செய்து வைக்க வேண்டும். சண்டை வந்த பிறகு சொன்னால் யாரும் ஏற்கமாட்டார்கள். நான் வைத்திருக்கும் விதி இது: எங்கள் இரண்டாவது கைபேசியில் எந்தக் கமென்ட் முதலில் வருகிறதோ அவருக்கே பதிவு, அடுத்த இருவர் காத்திருப்போர். பதிவானவர் 30 நிமிடத்துக்குள் பணம் செலுத்த வேண்டும். தவறினால் புடவை அடுத்தவருக்குப் போகும்.

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். 17ஆம் எண், கடுகு மஞ்சள் கரை போட்ட அரக்குக் கண்டாங்கி, விலை 1,150 ரூபாய். 7.40க்கு மூன்று பேர் எண்ணைப் போட்டார்கள். என் தங்கை மூவர் பெயரையும் வரிசையாக எழுதிக்கொண்டு உரக்கப் படித்தாள். நானும் கேமராவைப் பார்த்து "17 முதலாமவருக்கு, மற்ற இருவரும் காத்திருப்பில்" என்றேன். முதலாமவர் 8.10 வரை பணம் போடவில்லை. 8.11க்கு இரண்டாமவருக்கு வாட்ஸாப்பில் செய்தி அனுப்பினோம். அவர் ஐந்து நிமிடத்தில் செலுத்திவிட்டார். 8.30க்கு முதலாமவர் வந்து கோபப்பட்டார். பின் செய்த விதியையும் தாளில் எழுதிய நேரத்தையும் காட்டினோம், வருத்தத்தோடு ஏற்றுக்கொண்டார்.

இந்த விதி வருவதற்கு முன், கமென்ட்டில் வந்த ஒருவருக்கும் நேராக வாட்ஸாப்பில் எழுதிய இன்னொருவருக்கும் ஒரே புடவையைக் கொடுப்பதாகச் சொல்லி, இருவரிடமும் பணம் வாங்கிவிட்டேன். ஒருவருக்குப் பணத்தைத் திருப்பி அனுப்பினேன். அதன்பின் அவர் என் லைவுக்கு வரவேயில்லை. அன்றிலிருந்து, லைவ் நடக்கும் நேரத்தில் வாட்ஸாப்பில் வரும் பதிவுகளை ஏற்பதில்லை.

பணம் போட்டாச்சுன்னு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினா போதுமா?

போதாது. ஸ்கிரீன்ஷாட்டைத் திருத்துவது எளிது. பழைய பரிவர்த்தனையின் படத்தையே மீண்டும் அனுப்புபவர்களும் உண்டு. உங்கள் வங்கிக் கணக்கிலோ யுபிஐ ஆப்பின் வரலாற்றிலோ தொகை ஏறியிருக்கிறதா என்று பார்த்து, அதிலுள்ள 12 இலக்கக் குறிப்பு எண்ணும் ஸ்கிரீன்ஷாட்டில் உள்ளதும் ஒன்றா என்று சரிபார்த்த பிறகே தாளில் "வந்தது" என்று எழுதுங்கள். லைவ் பரபரப்பில் இதைச் செய்ய முடியாது. அதனால் 17ஆம் எண் விஷயத்தில் சொன்னது போல நேரத்தைக் குறித்துக்கொண்டு, சரிபார்ப்பை உதவியாளரிடம் விடுங்கள்.

"அதிகமாக அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்பிப் போடுங்கள்" என்று அவசரப்படுத்தினால், கணக்கைப் பார்க்காமல் ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். பணம் பெறுவதற்கு யாரும் பின் எண் போட வேண்டியதில்லை. போடச் சொன்னால் அது உங்கள் பணத்தை எடுப்பதற்கே.

"ப்யூர் காட்டனா? கைத்தறியா?"ன்னு கேக்கறாங்க. எனக்கே நிச்சயமா தெரியல. என்ன சொல்றது?

இவை இரண்டு தனித்தனிக் கேள்விகள். பருத்தியா என்பதை நீங்களே வீட்டில் சோதிக்கலாம். முந்தானை ஓரத்தில் தொங்கும் பாவு நூலில் ஒன்றையும், குறுக்கே போகும் ஊடை நூலில் ஒன்றையும் தனியே உருவி எடுத்துக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் எரியும் மணத்தோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கடினமான மணியாக உறையும். இரண்டு நூலையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் பாவு பருத்தியாகவும் ஊடை கலப்பாகவும் இருக்கும் புடவைகள் சந்தையில் உண்டு. கரையில் ஜரிகை இருந்தால் "உடல் முழுக்கப் பருத்தி, ஜரிகை மட்டும் பருத்தி அல்ல" என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

கைத்தறியா என்பதைத் துணியை மட்டும் பார்த்து அடித்துச் சொல்வது கடினம். விளிம்பில் ஊசித் துளைகள் இருந்தால் கைத்தறி என்று பலரும் சொல்கிறார்கள், ஆனால் விசைத்தறியிலும் அத்தகைய தடம் விழ முடியும். நம்பத்தக்கது நீங்கள் வாங்கிய வழிதான்: நெசவாளரிடம் நேராக வாங்கினீர்களா, நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் பில் இருக்கிறதா, கைத்தறி முத்திரைச் சீட்டு இருக்கிறதா. இவற்றில் ஒன்றும் இல்லையென்றால் "பருத்தி என்று சோதித்திருக்கிறேன், கைத்தறி என்று உறுதி சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிடுங்கள். காரைக்குடிக் கண்டாங்கி 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பெயர். வேறு ஊரில் விசைத்தறியில் நெய்த கட்டம் போட்ட புடவைக்கு அந்தப் பெயரைச் சொல்வது நெசவாளரின் பிழைப்பைப் பறிப்பதாகும்; இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

சுங்குடிக்கும் இதே கவனம் வேண்டும். கையால் முடிச்சுப் போட்டுச் சாயமேற்றிய சுங்குடியில் புள்ளிகள் ஒன்றுபோல இருக்காது. முடிச்சு இருந்த இடத்தில் துணி லேசாகப் புடைத்திருக்கும். இன்று விற்பவற்றில் பல அச்சிட்டவை. அவற்றை விற்கலாம், "அச்சுச் சுங்குடி" என்று சொல்லி அதற்குரிய விலையில்.

சாயம் போகுமா, சுருங்குமான்னு கேட்டா "போகவே போகாது"ன்னு சொல்லலாமா?

சொல்லக் கூடாது. ஆழ்ந்த நிறமுள்ள பருத்திப் புடவைகளில் முதல் சில துவைப்புகளில் மிகுதிச் சாயம் வெளியேறுவது இயல்பு. முன்பு சொன்ன ஈரக் கைக்குட்டைச் சோதனையின் முடிவைத் தாளில் பார்த்து, "இதில் லேசாக ஒட்டியது, முதல் மூன்று முறை தனியாகக் குளிர்ந்த நீரில் அலசுங்கள், ஊறவைக்காதீர்கள், நிழலில் உலர்த்துங்கள்" என்று சொல்லுங்கள். கைக்குட்டை நன்றாக நிறமேறிவிட்டால், குறிப்பாக வெளிர்நிறக் கரை உள்ள புடவையில், அதை லைவில் வைக்கவே வேண்டாம். கரையில் சாயம் இறங்கினால் சரிசெய்ய வழியில்லை. சிறிதளவு சுருங்கும் என்பதையும், கஞ்சி போனதும் துணி இளகும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

"இதே புடவை வேற இடத்துல 800 ரூபாய்தான்"னு ஒருத்தர் கமென்ட் போட்டா?

அதைப் படிக்காமல் தாண்டினால் பார்ப்பவர்கள் எல்லோரும் கவனிப்பார்கள். வாதம் செய்தால் அடுத்த பத்து நிமிடம் அதிலேயே போய்விடும். படித்துவிட்டு, உங்கள் புடவையின் விவரத்தை மட்டும் சொல்லுங்கள்: "இது 6.2 மீட்டர், பிளவுஸ் சேர்ந்தது, பாவும் ஊடையும் பருத்தி, நெசவாளரிடம் வாங்கியது, 1,150." அந்த 800 ரூபாய்ப் புடவையைத் தாழ்த்திப் பேசாதீர்கள், ஏனென்றால் அதை நீங்கள் பார்க்கவில்லை. விலை குறைப்பதானால் எல்லோருக்கும் குறையுங்கள். ஒருவருக்கு மட்டும் குறைத்தால் முன்பே வாங்கியவர் அதை லைவின் வீடியோவிலேயே பார்ப்பார்.

"நோ ரிட்டர்ன், நோ எக்ஸ்சேஞ்ச்"னு போட்டுட்டா நமக்குப் பிரச்சனை இல்லையே?

மனம் மாறியதற்குத் திரும்ப வாங்குவதில்லை என்று வைத்துக்கொள்ளலாம். குறையுள்ள பொருளுக்கு அது செல்லாது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, குறையுள்ள பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்கப்படாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப வாங்க மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. எனவே பில்லில் நீங்களே நியாயமான ஒரு காலத்தைக் குறிப்பது நல்லது.

பார்சலைப் பிரிக்கும்போதே இடையில் நிறுத்தாமல் வீடியோ எடுக்கச் சொல்வது இரு தரப்புக்கும் பயன்படும். ஆனால் வீடியோ இல்லை என்பதற்காக, லைவில் நீங்கள் காட்டத் தவறிய கிழிசலை மறுக்காதீர்கள். லைவின் வீடியோ உங்களிடம் இருக்கிறது; அந்த எண்ணுக்குப் போய்ப் பார்த்தால் நீங்கள் அந்த இடத்தைக் காட்டினீர்களா இல்லையா என்பது தெரிந்துவிடும். குறைகளை விரல் வைத்துக் காட்டச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

நடுவுல நெட் போயிடுச்சுன்னா அதுவரைக்கும் வந்த புக்கிங் என்ன ஆகும்?

தாளில் எழுதியவை நிற்கும், எழுதாதவை நிற்காது என்பதே விதி. திரும்பி வந்ததும் முதல் வேலையாக, பதிவான எண்களை வரிசையாக உரக்கப் படியுங்கள். இணைப்பு போன நேரத்தில் திரையில் இருந்த புடவையை மட்டும் மறுபடி முதலில் இருந்து காட்டிப் புதிதாகப் பதிவு வாங்குங்கள். அதற்கு யார் முதலில் எழுதினார் என்பது யாருக்கும் உறுதியாகத் தெரியாது. பின்னணியில் சினிமாப் பாட்டு ஓடவிடாதீர்கள். காப்புரிமை காரணமாக ஒலியை அடைத்துவிடவோ லைவையே நிறுத்திவிடவோ கூடும். அதைப் பலர் நெட் கோளாறு என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

லைவ் முடிஞ்சதும் வீடியோவை எடுத்துடணுமா, விட்டுடலாமா?

விட்டுவையுங்கள், வேலை முடித்து இரவு பத்து மணிக்குப் பார்ப்பவர்களும் வாங்குவார்கள். ஆனால் விற்றுப்போன எண்களை மேலே பின் செய்து எழுதாமல் விட்டால், அவர்கள் 17 வேண்டும், 22 வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். லைவ் முடிந்து முகம் கழுவுவதற்கு முன்பே தாளை எடுத்து அந்தப் பட்டியலை எழுதிவிடுங்கள். பணம் வராத பதிவுகள் எல்லாம் மறுநாள் காலையில் ஒரு முடிவுக்கு வந்துவிடும்; மீந்த எண்களை அப்போது திருத்தி எழுதி, அன்று மதியத்துக்குள் பார்சல்களைக் கூரியரில் சேர்த்துவிடலாம்.